வஅத, யஇது: வாவ் எங்கே விழும், எங்கே நிற்கும்?

கேள்வி: "வஅத என்றால் முளாரிஃ யவ்இது என்றுதானே வரணும், ஏன் யஇது? யேவுக்கும் கஸ்ராவுக்கும் நடுவில் வந்தால் வாவ் விழும் என்று உஸ்தாத் சொன்னார். அப்படியானால் தஇது, நஇதுவில் யே எங்கே? யளஉவில் கஸ்ரா எங்கே? வஜிலவில் மட்டும் யவ்ஜலு என்று வாவ் நிற்பது எப்படி?"

அரபு வினையான வஅத, அதாவது 'வாக்களித்தான்', பற்றி உஸ்தாத் சொன்னது சரிதான். ஆனால் அது மனப்பாடத்துக்காகச் சுருக்கிய வாக்கியம். அதற்குள் ஒரு நிபந்தனையும், அந்த நிபந்தனை பிற வடிவங்களுக்குப் பரவிய கதையும் சேர்ந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் மூன்று சந்தேகங்களில் இரண்டு உடனே தீரும். மூன்றாவதற்கு இலக்கணிகள் சொல்லும் பதில் உண்டு, அதில் ஒரு பலவீனமும் உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன். தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒரு குறிப்பு: சொல் நடுவில் தனியாக அ, இ, உ வந்தால் அது பெரும்பாலும் ஐன், ஓரிரு இடத்தில் ஹம்ஸா. ளாதுக்கு நம் வழக்கப்படி ள போட்டிருக்கிறேன்.

முதலில் குறையில்லாத வினை ஒன்றை எடுங்கள். 'அடித்தான்' என்ற ளரபவின் முளாரிஃ, அதாவது நிகழ்கால, எதிர்கால வடிவம், யள்ரிபு. முன்னால் ஃபத்ஹாவோடு (ஸபர்) யே, அடுத்து முதல் மூல எழுத்து சுக்கூனோடு, அடுத்து இரண்டாம் மூல எழுத்து கஸ்ராவோடு (ஸேர்), கடைசியில் மூன்றாவது. வஅதவும் இதே ளரப பாபுதான், இதே வாய்பாட்டு வகைதான். அதே அச்சில் ஊற்றினால் யவ்இது வரும். இங்கே வாவின் நிலையைக் கவனியுங்கள். அதற்குச் சொந்த உயிர்க்குறி இல்லை, சுக்கூன். முன்னால் யே, பின்னால் கஸ்ரா. யேவும் கஸ்ராவும் ஒரே இனம், வாவ் எதிர் இனம். 'இரண்டு பகைவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டது' என்று பழைய ஸர்ஃப் ஆசிரியர்கள் இதைத்தான் சொன்னார்கள். வாவ் விழுந்தது, மிஞ்சியது யஇது. விழுந்த வாவுக்கு ஈடாக எதுவும் நீளவில்லை என்பதையும் பாருங்கள். 'சொன்னான்' என்ற கால வினையில் வாவ் அலிஃபாக மாறி நெடிலாகத் தங்கிவிடுகிறது. இங்கே அப்படி ஒரு தடயமும் இல்லாமல் போய்விடுகிறது. யாஇது என்று நீட்டிப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இனி தஇது, அஇது, நஇது. இவற்றில் யே இல்லை, ஆகவே நிபந்தனை நேரடியாகப் பொருந்தாது. இலக்கணிகளும் இதை மறைக்கவில்லை. யே வரும் வடிவத்தில் வாவ் விழுந்துவிட்டதால், ஒரே அட்டவணையில் உள்ள மற்ற வடிவங்களும் ஒரே சீராக இருக்கட்டும் என்று அங்கேயும் விழுந்தது என்றார்கள். இது சமாளிப்பு போலத் தோன்றினால் அக்ரமவைப் பாருங்கள். 'நான் கண்ணியப்படுத்துகிறேன்' என்பதற்கு அச்சுப்படி உஅக்ரிமு வரவேண்டும். இரண்டு ஹம்ஸா அடுத்தடுத்து வந்து நாக்கை இடறியதால் ஒன்று விழுந்து உக்ரிமு ஆனது. யுக்ரிமு, துக்ரிமு, நுக்ரிமுவில் இரண்டு ஹம்ஸா சந்திக்கவே இல்லை, இருந்தும் அங்கேயும் ஹம்ஸா இல்லை. ஒரு கட்டத்தில் காரணத்தோடு நடந்தது, மற்றக் கட்டங்களில் ஒத்திசைவுக்காக நடந்தது. வினை அட்டவணைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன, அரபியில் இது புதிதும் இல்லை.

விதி நடப்பதையும் நடக்காததையும் ஒரே மூச்சில் காட்டும் ஆயத் ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம். இக்லாஸ் சூராவின் 3ஆம் வசனம்: லம் யலித் வலம் யூலத். இரண்டுக்கும் மூலம் வாவ், லாம், தால். முதல் வினை செய்வினை, 'அவன் பெறவில்லை'. அச்சுப்படி யவ்லிது; ஃபத்ஹா உள்ள யே, சுக்கூன் உள்ள வாவ், லாமில் கஸ்ரா. மூன்றும் பொருந்துவதால் வாவ் விழுந்து யலிது ஆகிறது, லம் வந்ததால் கடைசி ளம்மா (பேஷ்) போய் யலித். இரண்டாவது செயப்பாட்டு வினை, 'அவன் பெறப்படவுமில்லை'. செயப்பாட்டு முளாரிஃயில் முன்னெழுத்துக்கு ளம்மா, நடு எழுத்துக்கு ஃபத்ஹா. ஆகவே அச்சு யுவ்லது. இங்கே கஸ்ராவே இல்லை, வாவ் விழக் காரணம் இல்லை. ளம்மாவுக்குப் பின் சுக்கூன் வாவ் வந்தால் அது ஊ என்ற நெடில், எனவே யூலது, லம் சேர்ந்து யூலத். நிபந்தனையின் ஒரு கால் போனதும் வாவ் திரும்பி வந்துவிட்டது. தேர்வில் 'யஜிதுவின் மஜ்ஹூல் என்ன' என்று கேட்டால் யுஜது என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். யூஜது என்பதுதான் சரி. மஜ்ஹூலை எப்போதும் மூலத்திலிருந்து கட்டுங்கள், வாவ் ஏற்கனவே விழுந்துவிட்ட முளாரிஃயிலிருந்து கட்டாதீர்கள்.

யளஉவுக்கு வருவோம். வளஅ என்றால் 'வைத்தான்'. யளஉவில் கண்ணுக்குத் தெரிவது ஃபத்ஹாதான். ஆனால் இதன் அடியில் கஸ்ரா இருந்தது என்கிறார்கள் ஸர்ஃப் ஆசிரியர்கள். நடந்த வரிசை இது: முதலில் யவ்ளிஉ, பிறகு வாவ் விழுந்து யளிஉ, பிறகு கஸ்ரா ஃபத்ஹாவாக மாறி யளஉ. கடைசி மாற்றத்துக்குக் காரணம் ஐன். தொண்டையில் பிறக்கும் ஆறு எழுத்துகளில் ஒன்று (ஹம்ஸா, ஐன், கைன், இரண்டு ஹே, கே) இரண்டாம் அல்லது மூன்றாம் மூல எழுத்தாக வந்தால் அது ஃபத்ஹாவை இழுக்கும். ஃபதஹ பாபு முழுக்க இந்த இழுப்பில்தான் நிற்கிறது. மாற்றம் வாவ் விழுந்த பின் நடந்ததால், போன வாவ் திரும்பி வரவில்லை. வகஅ யகஉ (விழுந்தான்), வஹப யஹபு (கொடையாகக் கொடுத்தான்) இரண்டும் இதே வழி. வஹபவில் தொண்டை எழுத்து நடுவில் இருக்கிறது.

ஆனால் தொண்டை எழுத்து இருந்தாலே ஃபத்ஹா வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் கேட்ட வஅதவிலேயே நடுவில் ஐன் இருக்கிறது, இருந்தும் யஇது கஸ்ராவோடுதான் நிற்கிறது. தொண்டை எழுத்து ஃபத்ஹாவுக்கு வாசல் திறக்கும், உள்ளே இழுத்தே தீரும் என்பதில்லை. எந்த வினை நுழைந்தது, எது நுழையவில்லை என்பதை அகராதிதான் சொல்லும். யதரு (விடுகிறான்) என்ற வினையில் தொண்டை எழுத்தே கிடையாது, ஆனாலும் ஃபத்ஹா. அதே பொருள் கொண்ட யதஉவின் நிழலில் அது அப்படி ஆனது என்பார்கள். இவ்விரண்டுக்கும் பொது வழக்கில் இறந்தகாலம்கூடக் கிடையாது, அந்த இடத்தில் தரகவைப் போடுகிறோம். இப்படித் தனித்து நிற்கும் வினைகளைப் பட்டியலாக நெட்டுருப் போடுவதைத் தவிர வழியில்லை.

வஜில (அஞ்சினான்) வேறு பாபு, ஸமிஅ பாபு. அதன் இறந்தகாலத்தில் நடு எழுத்துக்குக் கஸ்ரா, முளாரிஃயில் ஃபத்ஹா. அந்த ஃபத்ஹா பிறவியிலேயே ஃபத்ஹா, கஸ்ராவிலிருந்து மாறியது இல்லை. ஆகவே வாவ் விழ எந்தக் கட்டத்திலும் காரணம் ஏற்படவில்லை, யவ்ஜலு என்று நிற்கிறது. ஹிஜ்ர் சூராவின் 53ஆம் வசனத்தில் வானவர்கள் இப்ராஹீம் நபியிடம் 'லா தவ்ஜல்', அஞ்சாதீர் என்று சொல்வதில் வாவைக் காதாலேயே கேட்கலாம். இதே பாபில் வஜிஅ (வலித்தது) இருக்கிறது, முளாரிஃ யவ்ஜஉ. யளஉவையும் யவ்ஜஉவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஐனில் முடிகின்றன, இரண்டிலும் அதன் முன் ஃபத்ஹா. ஒன்றில் வாவ் இல்லை, மற்றதில் இருக்கிறது. மேலோட்டமான ஒலியை வைத்து இதை விளக்க முடியாது. இறந்தகாலம் வளஅவா, வஜிஅவா என்று பார்த்தால்தான் விளங்கும். கருமவின் பாபில் வரும் வஸும (அழகாக இருந்தான்) யவ்ஸுமு என்று வாவைக் காப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே வாவின் பின்னால் வருவது ளம்மா.

நான் முதலில் சொன்ன பலவீனம் இங்கேதான். வஸிஅ (கொள்ளளவாயிற்று) என்ற வினையின் இறந்தகாலம் வஜிஅ போலவே கஸ்ரா. அதன்படி யவ்ஸஉ வரவேண்டும், வருவதோ யஸஉ. வதிஅ (மிதித்தான்) யதஉவும் இப்படியே. இவற்றின் முளாரிஃ ஆதியில் கஸ்ராவோடு, வரிஸ யரிஸு (வாரிசானான்) போல ஹஸிப பாபில் இருந்தது, பிறகு தொண்டை எழுத்தால் ஃபத்ஹாவானது என்பது இலக்கணிகளின் விடை. இருக்கலாம்தான். ஆனால் ஆதியில் கஸ்ரா இருந்ததற்கு என்ன சான்று என்று கேட்டால், வாவ் விழுந்ததே சான்று என்கிறார்கள். வாவ் ஏன் விழுந்தது என்றால் கஸ்ரா இருந்ததால் என்கிறார்கள். வட்டம் சுற்றுகிறது. வரிஸ, வஸிக போன்ற உறவினர்கள் உண்மையில் இருப்பதால் விடை நம்பத்தகுந்ததே, நிரூபிக்கப்பட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அம்ரில் (ஏவல்) இந்த வாவ் விழுந்ததன் விளைவு இன்னும் கூர்மை. அம்ரை முளாரிஃயின் முன்னிலை வடிவத்திலிருந்து கட்ட வேண்டும். தகிஃபுவில் முன்னெழுத்து தேயை எடுங்கள், கடைசியைச் சுக்கூன் ஆக்குங்கள்: கிஃப், 'நில்'. முதல் எழுத்துக்கு ஏற்கனவே உயிர்க்குறி இருப்பதால் ஹம்ஸத்துல் வஸ்ல் தேவையில்லை. இவ்கிஃப், ஈகிஃப் என்பதெல்லாம் தவறு. தவ்ஜலுவில் தேயை எடுத்தால் சுக்கூன் வாவ் முதலில் நிற்கும், அதைத் தொடங்க முடியாது. அங்கே ஹம்ஸா வருகிறது, இவ்ஜல் ஆகிறது, கஸ்ராவுக்குப் பின் வந்த வாவ் யேயாக மாறி ஈஜல். வாவ் விழுந்த வினைக்கும் விழாத வினைக்கும் அம்ரில் இவ்வளவு இடைவெளி.

முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இரண்டும் வாவ், யே போன்ற பலவீன எழுத்தாக இருந்தால் அம்ரில் மிஞ்சுவது ஒற்றை எழுத்து. வகா யகீ (காத்தான்), அம்ர் கி. 'ரப்பனா ஆதினா' துஆவின் முடிவில் வரும் வகினா அதாபன்னார் (பகரா 201) இதற்கு நல்ல உதாரணம். வகினாவில் தெரியும் வாவ் மூல எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது 'மேலும்' என்னும் இணைப்புச் சொல். கி மட்டுமே வினை, னா 'எங்களை'. மூலத்தின் வாவ் எப்போதோ விழுந்துவிட்டது, மூன்றாம் எழுத்தான யே அம்ரானதால் விழுந்தது. அந்த நடு எழுத்து ஒன்றுதான் மூன்று எழுத்து மூலத்தின் மொத்த எச்சம்.

வினைப்பெயரான மஸ்தரிலும் சில வினைகளில் வாவ் விழும், அங்கே ஈடு உண்டு. கடைசியில் ஒரு வட்டத் தே சேரும். வஸஃபவிலிருந்து ஸிஃபத், வஸலவிலிருந்து ஸிலத், வஹபவிலிருந்து ஹிபத். நம் ஊரில் சொத்துப் பத்திரத்தில் எழுதும் ஹிபா இதுதான், வஹ்ஹாப் என்ற பெயரும் இதே மூலம். வஃது, வஸ்ஃபு என்று வாவை வைத்துக்கொள்ளும் மஸ்தர்களும் கூடவே புழங்குகின்றன.

இனி 'ஏன்' என்பதன் ஆழமான பகுதி. வாவ் எங்கே விழுகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதற்காக விழுகிறது என்பதில் பஸரா, கூஃபா என்ற இரு இலக்கணப் பள்ளிகளும் மோதியிருக்கின்றன. ஹிஜ்ரி 577இல் (கி.பி. 1181) இறந்த இப்னுல் அன்பாரி இரு தரப்பு வாதங்களையும் தம் இன்ஸாஃப் நூலில் பதிவு செய்திருக்கிறார். செயப்படுபொருள் குன்றா வினையைக் குன்றிய வினையிலிருந்து பிரித்துக் காட்டவே வாவ் விழுந்தது என்பது கூஃபாவின் கட்சி. வஅதவுக்குச் செயப்படுபொருள் உண்டு, வாவ் விழுந்தது. வஜிலவுக்கு இல்லை, நின்றது என்பார்கள். வகஃப யகிஃபு (நின்றான்) ஒன்றே இதை உடைக்கப் போதும், செயப்படுபொருள் இல்லாமலே வாவ் விழுகிறது. யேவுக்கும் கஸ்ராவுக்கும் நடுவில் கனமாக இருந்ததால் விழுந்தது என்பது பஸராவின் கட்சி. உங்கள் உஸ்தாத் சொன்னது இதுதான். வடிவங்களைக் கணிக்க இதுவே மேல். ஆனாலும் இடறும் இடங்கள் உண்டு. அவ்அதவின் (எச்சரித்தான்) முளாரிஃ யூஇது; முன்னால் யே, பின்னால் கஸ்ரா, வாவ் அசையவில்லை. அது உண்மையில் யுஅவ்இது, யேவுக்கும் வாவுக்கும் நடுவில் ஒரு ஹம்ஸா இருந்தது என்று பதில் சொல்கிறார்கள். பனூ ஆமிர் கிளைமொழியில் யஜிதுவுக்குப் பதில் யஜுது வழங்கியதாகப் பதிவு இருக்கிறது. அங்கே ளம்மாவின் முன் வாவ் விழுந்திருக்கிறது, அதை விதிவிலக்கு என்று ஒதுக்குகிறார்கள்.

என் பார்வையில், நாக்குக்குக் கனம் என்பது நல்ல வழிகாட்டி, வரலாற்றுக் காரணமாக அது மட்டும் போதாது. ஹீப்ருவைப் பார்த்தால் இது தெரியும். அங்கே சொல்லின் தொடக்க வாவ் யேயாகிவிட்டது, எனவே வலத அங்கே யாலத். முன்னொட்டு வடிவம் யேலேத், மூலத்தின் முதலெழுத்து காணோம். அதே சமயம் 'உறங்கினான்' என்ற யாஷேன் யீஷன் ஆகிறது, முதலெழுத்து நெடிலாகத் தங்குகிறது. யலிது, யவ்ஜலு என்ற அதே பிளவு, உயிரொலியைப் பொறுத்து, இன்னொரு செமிட்டிய மொழியில். 'உட்கார்' என்பதற்கு ஹீப்ரு ஏவல் ஷேவ். இதற்கு நிகரான அரபு மூலம் வஸப, அம்ர் ஸிப். வட அரபியில் அதற்குக் 'குதி' என்று பொருள், தெற்கே ஹிம்யரில் 'உட்கார்'. உயரமான இடத்தில் இருந்த ஹிம்யர் அரசர் ஸிப் என்றதும் வந்த அரபி குதித்துவிட்டார் என்ற பழங்கதை இதை வைத்துப் பிறந்ததுதான். பொருள் மாறினாலும் இரண்டெழுத்து ஏவல் மாறவில்லை. ஆக வாவ் இல்லாத இந்த வடிவம் அரபி தனி மொழியாகப் பிரிவதற்கு முந்தியது என்பது உறுதி. அந்தத் தொல்காலத்தில் இருந்த வாவ் விழுந்ததா, இந்த வினைகள் ஆதியில் இரண்டெழுத்தாக இருந்து பிற்பாடு இறந்தகாலத்தில் வாவ் ஏறியதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

வாசிக்கும்போது அடையாளம் காண ஒரு வழி. முன்னெழுத்தை எடுத்த பின் இரண்டே எழுத்து மிஞ்சி, அவற்றில் முதலாவதற்குச் சுக்கூன் இல்லாமல் கஸ்ரா இருந்தால், அகராதியில் வாவின் கீழ் தேடுங்கள். நஸிலு, தஜிது, யகிஃபு எல்லாம் அப்படித்தான். இதில் சிக்கல் தருவது லம் வரும் இடம். லம் யஜித், லம் யஸித் இரண்டும் ஒரே அச்சில் தெரியும். முதலாவது வஜதவிலிருந்து, இரண்டாவது ஸாதவிலிருந்து (அதிகமானது), அதில் நடு எழுத்து யே. லம்மை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: யஜிது குறிலாகவே நிற்கும், யஸீது நீளும். பன்மையிலும் அப்படியே, லம் யஜிதூ குறில், லம் யஸீதூ நெடில். நீண்டால் அது நடு எழுத்து பலவீனமான அஜ்வஃப், நீளாவிட்டால் முதலெழுத்து பலவீனமான மிஸால்.

முதலெழுத்து வாவுக்குப் பதில் யேயாக இருந்தால் இந்தச் சட்டம் கிடையாது. யபிஸ (காய்ந்தது) யய்பஸு, யஇஸ (நம்பிக்கை இழந்தான்) யய்அஸு என்று யே அப்படியே நிற்கும். மூன்றெழுத்து மட்டும் கொண்ட முதல் வடிவத்தைத் தாண்டினாலும் இது பொருந்தாது. யுவஸ்ஸிலு, யூஸிலு, யதவஸ்ஸலு எல்லாவற்றிலும் வாவ் பத்திரமாக இருக்கிறது. இஃப்திஆல் வடிவத்தில் மட்டும் அது தேயாக மாறி அடுத்த தேயோடு கலந்து யத்தஸிலு ஆகிறது. அங்கே வாவைத் தேடிப் பயனில்லை, இரட்டித்த தேயைப் பார்த்ததும் மூலத்தில் வாவ் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.